சொந்த காரில் கட்டணப் பயணம்: விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்குமா?

திருப்பதி: திருமலைக்குச் செல்லும் வாகனங்கள் அனைத்தும் அலிபிரி சோதனைச் சாவடியைக் கடந்தாக வேண்டும். அங்கு வரிசையில் நிற்கும் கார்களில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்டவை ஏராளம். வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து இருந்தால் அது சொந்தப் பயன்பாட்டுக்கான கார். மஞ்சள் பலகை என்றால் வாடகை வாகனம். ஆனால் வெள்ளைப் பலகை கொண்ட காரின் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர்கள் உறவினர்களா, தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து ஏறியவர்களா என்பதைப் பலகை சொல்லாது. விபத்து நேரும் வரை அந்த வேறுபாடு யாருக்கும் தெரிவதில்லை. நேர்ந்த பிறகு, இழப்பீட்டுக் கோரிக்கை முழுவதும் அந்த ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்துவிடுகிறது.

தனியார் காருக்கான காப்பீட்டு ஆவணத்தில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்றொரு பகுதி உண்டு. வாடகைக்கோ, பணப் பயன் கருதியோ ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, பந்தயத்தில் ஈடுபடுத்துவது உள்ளிட்ட சில பயன்பாடுகளைத் தவிர மற்ற அனைத்துக்கும் காப்பீடு பொருந்தும் என்று அது கூறுகிறது. 'எப்போதாவது ஒரு முறைதானே' என்பதற்கு அந்தப் பகுதியில் விலக்கு ஏதும் இல்லை. விபத்து நடந்த அந்தப் பயணம் எத்தகையது என்பதே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வேலூரைச் சேர்ந்த ஒருவர், வாட்ஸ்அப் குழுவில் அறிவித்து, தலைக்கு 500 ரூபாய் வீதம் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு தமது காரில் அலிபிரிக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைக்கும் தொகை 2,000 ரூபாய். வழியில் கார் சாலையோரம் நடந்து சென்ற ஒருவர் மீது மோதி, தடுப்புச் சுவரில் இடித்து நிற்கிறது. பயணிகளில் ஒருவருக்கும் காயம். இப்போது காப்பீட்டு நிறுவனத்தின் முன் மூன்று தனித்தனிக் கோரிக்கைகள் எழுகின்றன. மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது.

முதலாவது, காரின் சேதம். பழுதுபார்ப்புச் செலவில் ஏற்கத்தக்க தொகை 3,20,000 ரூபாய் என்று மதிப்பீட்டாளர் கணக்கிடுகிறார் எனக் கொள்வோம். நிபந்தனை மீறப்பட்டதைச் சுட்டிக்காட்டி நிறுவனம் கோரிக்கையை முழுமையாக நிராகரிக்க முற்படலாம். அந்த நிலையில் வாகன உரிமையாளருக்குத் துணையாக இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உள்ளன. 2008ஆம் ஆண்டின் நிதின் கண்டேல்வால் வழக்கில், சொந்தப் பயன்பாட்டுக்காகக் காப்பீடு செய்யப்பட்ட ஸ்கார்பியோ கார், குவாலியரிலிருந்து வாடகைக்குச் சென்றபோது பறிக்கப்பட்டது. வாகனம் களவு போன வழக்கில் பயன்பாட்டு நிபந்தனை மீறல் முக்கியமல்ல என்று கூறிய நீதிமன்றம், 75 சதவீதம் வழங்குமாறு மாநில நுகர்வோர் ஆணையம் இட்ட உத்தரவை உறுதி செய்தது. 2010ஆம் ஆண்டின் அமலேந்து சாகு வழக்கு விபத்து தொடர்பானது. வாடகைக்கு விடப்பட்ட தனியார் வாகனம் என்பதற்காகக் கோரிக்கையை அடியோடு மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், உரிமையாளர் கூடுதலாகக் கோரியிருந்த போதிலும் 2,50,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

இவ்வகைத் தீர்வுக்கு 'நான்-ஸ்டாண்டர்டு' முறை என்று பெயர். பயன்பாட்டு வரம்பை மீறிய கோரிக்கைகளில், ஏற்கத்தக்க தொகையில் அதிகபட்சம் 75 சதவீதம் வரை வழங்கலாம் என்பது அதன் அளவுகோல். நமது எடுத்துக்காட்டில் அது 2,40,000 ரூபாய். 75 சதவீதம் என்பது உச்ச வரம்பே தவிர, உறுதியளிக்கப்பட்ட தொகை அன்று. முழுமையாகக் கிடைத்தாலும் 80,000 ரூபாய் இழப்பு. அதையும் பெற நுகர்வோர் ஆணையத்தின் படியேற நேரிடலாம்.

இரண்டாவது, காயமடைந்த பயணி. இங்குதான் பலரும் எதிர்பாராத இடைவெளி உள்ளது. விரிவான 'பேக்கேஜ்' காப்பீடு, காரில் பயணம் செய்வோருக்கான பொறுப்பையும் ஏற்கும் என்பதை 2012ஆம் ஆண்டில் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் அந்தக் காப்பீட்டின் வாசகத்திலேயே, பயணிகள் வாடகைக்கோ பணப் பயனுக்கோ ஏற்றப்பட்டவர்களாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டுள்ளது. நண்பராக ஏறியவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, 500 ரூபாய் கொடுத்து ஏறியவருக்கு அதே இருக்கையில் கேள்விக்குரியதாகிவிடுகிறது. சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால், கட்டணமின்றி ஏறிய நண்பருக்குக்கூட அதில் இடமில்லை.

மூன்றாவது, சாலையில் நடந்து சென்றவர். வாடகை அனுமதி இல்லாத வாகனத்தை வாடகைக்குப் பயன்படுத்தியது, மோட்டார் வாகனச் சட்டம் காப்பீட்டு நிறுவனத்துக்கு அளித்துள்ள எதிர்வாதங்களுள் ஒன்று. பாதிக்கப்பட்டவர் வெறுங்கையுடன் திரும்பக் கூடாது என்பதற்காக, நிறுவனம் முதலில் செலுத்திவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. அனுமதிச் சீட்டு இன்றி ஓடிய சரக்கு வாகனம் தொடர்பான அம்ரித் பால் சிங் வழக்கில், அது சட்டத்தின் அடிப்படையையே மீறும் செயல் என்று கூறிய உச்ச நீதிமன்றம், 2018ஆம் ஆண்டில் இத்தகைய உத்தரவையே நிலைநிறுத்தியது. தீர்ப்பாயம் 12 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தால், அத்தொகை முழுவதும் இறுதியில் அந்த 2,000 ரூபாய் பெற்றவரின் தலையில் விழக்கூடும். இது தவிர, அனுமதிச் சீட்டு இன்றி வாடகைக்கு ஓட்டியதற்கு 10,000 ரூபாய் அபராதமும் சட்டத்தில் உள்ளது.

பணம் பெற்றது எப்படித் தெரியவரும்? மீறலை நிரூபிக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துடையது. ஆனால் அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கையில் பயணிகள் தரும் வாக்குமூலம், யுபிஐ பரிமாற்றப் பதிவு, செயலியில் உள்ள பயண விவரம், வாட்ஸ்அப் அறிவிப்பு ஆகியவற்றுள் ஒன்றே போதும். இழப்பீடு கோரும் பயணி, தாம் கட்டணம் செலுத்தியதைத் தாமே தீர்ப்பாயத்தில் கூறிவிடுவதும் உண்டு. கோரிக்கைப் படிவத்தில் பயணத்தின் நோக்கத்தை மறைத்து எழுதுவது நிலைமையை மேலும் மோசமாக்கும். நிபந்தனை மீறலாக மட்டும் இருந்தது, பொய்த் தகவல் அளித்ததாக மாறிவிட்டால், 75 சதவீதம் கேட்கும் வாதமும் வலுவிழக்கும்.

எரிபொருள் செலவைப் பகிர்வதும் வாடகைதானா என்ற கேள்விக்குக் காப்பீட்டு ஆவணம் வரையறை தருவதில்லை. முன்பின் அறியாதவர்களா, தலைக்கு நிர்ணயித்த கட்டணமா, செலவுக்கு மேல் மிச்சம் உண்டா, அறிவிப்புச் செய்து திரும்பத் திரும்ப நடப்பதா என்பனவே முடிவைத் தீர்மானிக்கும். உடன் பணிபுரியும் மூவர் பெட்ரோல், சுங்கச் செலவைச் சமமாகப் பிரித்துக்கொள்வதும், அறிமுகமற்ற நால்வரிடம் இருக்கைக் கட்டணம் பெறுவதும் ஒன்றல்ல.

மத்திய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மாநில அரசு தடை செய்யாத பட்சத்தில், உரிமம் பெற்ற செயலி நிறுவனங்கள் வழியாகச் சொந்த கார்களில் பயணப் பகிர்வுக்கு இடமளித்தன. நகருக்குள் நாளொன்றுக்கு நான்கு, நகரங்களுக்கிடையே வாரத்துக்கு இரண்டு பயணங்கள் என வரம்பு விதித்ததோடு, ஒவ்வொரு பயணிக்கும் குறைந்தது 5 லட்சம் ரூபாய் காப்பீட்டையும் செயலி நிறுவனத்தின் பொறுப்பாக்கின. வாட்ஸ்அப் குழுவில் ஆள் சேர்ப்பவருக்கு அந்த ஏற்பாடு பொருந்தவில்லை. கார் உரிமையாளரின் காப்பீட்டு ஆவணத்தில் உள்ள வாடகை விலக்கையும் அது தானாக நீக்கிவிடவில்லை.

எனவே, கட்டணம் பெற்று அலிபிரி வரை ஆள் ஏற்றிச் செல்ல எண்ணுவோர், வாகனத்தை வாடகைப் பிரிவுக்கு மாற்றிப் பதிவு செய்து, அனுமதிச் சீட்டும் வணிக வாகனக் காப்பீடும் பெறுவதே பாதுகாப்பான வழி. செலவை மட்டும் பகிர்ந்துகொள்வோர், அது காப்பீட்டுக்கு உட்பட்டதா என்பதை நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது. விபத்து நேர்ந்த பின் கேட்கும் அதே கேள்விக்கு விடை பெரும்பாலும் நிராகரிப்புக் கடிதமாகவே வருகிறது.