ஐந்து நிமிடத்துக்கு ஒரு மணித்தியாலக் கட்டணமா?

வாகனத் தரிப்பிடக் கட்டணப் பலகையில் நாம் பார்ப்பது மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்பதைத்தான். ஆனால் கையிலிருந்து போகும் தொகையைத் தீர்மானிப்பவை சலுகை நேரமும், மிச்ச நிமிடங்களை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதும்தான்.

புறக்கோட்டைக்குச் சாமான் வாங்க வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கட்டணம் மணித்தியாலத்துக்கு 100 ரூபா, சலுகை நேரம் 10 நிமிடம் என்று வைப்போம். 9.00 மணிக்கு வாகனத்தை நிறுத்தியவர் 10.05க்கு வெளியேறுகிறார். சலுகையை மொத்த நேரத்திலிருந்து கழித்தால் 55 நிமிடம்; 100 ரூபாவோடு முடிந்தது. ஆனால், "பத்து நிமிடத்துக்குள் திரும்பிப் போனால் மட்டுமே இலவசம்" என்று பொருள் கொண்டால் 65 நிமிடமும் கணக்கில் வரும். மிச்சமுள்ள ஐந்து நிமிடம் முழு மணித்தியாலமாகி, 200 ரூபா கொடுக்க வேண்டும். பலகையில் இருப்பதோ "சலுகை 10 நிமிடம்" என்ற ஒரே வரி. இரண்டு பேரும் தாம் சொல்வதே சரி என்பார்கள். உண்மையில் பிழை பலகையில்தான்.

இதையே 15 நிமிடக் கூறுகளாக, கூறொன்றுக்கு 25 ரூபா வீதம் அறவிட்டால், சலுகையே இல்லாமலும் 65 நிமிடத்துக்கு 125 ரூபாதான் வரும். உரிமையாளருக்கு நட்டமென்று சொல்ல முடியாது; அந்த இடம் அடுத்த வாகனத்துக்கு உடனே கிடைத்துவிடுகிறதே.

முச்சக்கர வண்டியின் காத்திருப்புக் கட்டணமும் இப்படித்தான். மூன்று கடைகளில் ஆறு ஆறு நிமிடம் நின்றால் மொத்தம் 18 நிமிடம். ஒவ்வொரு தரிப்பையும் தனித்தனியே பத்தாக உயர்த்தினால் அது 30 நிமிடமாகிவிடும். ஏறும்போதே இதைக் கேட்டுக்கொள்ளலாம். தரிப்பிடத்தில் என்றால், உள்ளே வந்த நேரம் பற்றுச்சீட்டில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.