கருகிய பிளக்: தொடும் முன் சொல்லத் தெரிய வேண்டும்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இன்று ஃபிரீசர் இல்லாத மளிகைக் கடை அரிது. அதன் பிளக் கருகினால், செல்போனில் ஒரு போட்டோ எடுத்து, "பிளக் எரிந்துவிட்டது, சீக்கிரம் வாங்க" என்று எலெக்ட்ரீஷியனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர் வரும்வரை, ஐஸ்கிரீம் உருகிவிடுமே என்று அதே பிளக்கை அழுத்திச் செருகி ஓட்டுகிறார்கள். போட்டோ அனுப்புவது நல்லதுதான். ஆனால் அதோடு சேர வேண்டிய விவரத்தைச் சேர்த்து அனுப்ப வேண்டும். மறுபடி செருகுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது என்பதே நம் கருத்து.

"ஆபத்து என்றால் எம்.சி.பி. விழுந்திருக்குமே" என்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே பாயிண்டிலிருந்து பெட்டி போட்டு ஃபிரீசர், குளிர்பானப் பெட்டி, டீ கெட்டில் மூன்றும் ஓடும் கடையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை ஏற்பட்டால் போதும், 50 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் இறங்கும். ஈயம் உருக்கும் 25 வாட் பற்றுக்கோல் இரண்டைச் சுவருக்குள் வைத்ததற்குச் சமம். ஆனால் கரண்ட் 10 ஆம்பியரைத் தாண்டவில்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. பூமிக்குக் கசிவும் இல்லை. ஆகவே கசிவைக் கண்டு நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யும் விழாது. அங்கே கருகல் தடம் ஒன்றுதான் எச்சரிக்கை.

ஆகவே முதல் வேலை மெயினை இறக்குவது. பிளக்கின் பக்கத்துச் சுவிட்சை நம்ப வேண்டாம். அதே சூட்டில் அதன் உட்பகுதியும் ஒட்டியிருக்கலாம். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். மெயின் இறங்கிய பிறகும் அது கடைக்குள் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். மெயின் பெட்டியே கருகியிருந்தால் அதைத் தொடாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். புகையோ தீயோ தெரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆட்களை வெளியேற்றி 101-ஐ அழையுங்கள்.

மெயினை இறக்கும் வரை பிளக், சாக்கெட் தட்டு, ஒயர், ஃபிரீசரின் இரும்புப் பக்கம் எதையும் தொடக் கூடாது. கழுவிய ஈரத் தரையில் நிற்பதும் ஆகாது. "இடது துளை நியூட்ரல்தானே" என்ற துணிச்சலும் வேண்டாம். நியூட்ரல் எங்காவது விட்டுப்போயிருந்தால் அதிலும் ஷாக் அடிக்கும். மெயினை இறக்கிய பிறகும் உருகி ஒட்டிய பிளக்கைப் பிடுங்காதீர்கள். கரியைத் துடைக்கவும் கூடாது. எலெக்ட்ரீஷியனுக்கு அதுதான் தடயம்.

பிறகு போட்டோ. கைநீள தூரத்தில் நேராக நின்று, தட்டு முழுவதும் தெரியும்படி ஒன்று. ஒயர் பிளக்கில் நுழையும் இடத்தை ஒன்று. பிளக் ஆறி, தானாகக் கழன்று வந்தால் மட்டும் அதன் பின்களை ஒன்று.

போட்டோவில் நிழலும் கரியும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் கருகல் எங்கே, என்ன நிறம் என்று வார்த்தையில் சொல்லியாக வேண்டும். சாக்கெட்டைப் பார்த்து நிற்கும்போது மேலே உள்ள பெரிய துளை எர்த். கீழே வலது லைன், இடது நியூட்ரல். ஒரு துளையை மட்டும் சுற்றிப் பழுப்பு வளையம் இருந்து, அதற்குரிய பின்னும் கறுத்திருந்தால், பெரும்பாலும் உள்ளே தகடு தளர்ந்திருக்கிறது. சாக்கெட் சுத்தமாக இருந்து பிளக்கின் உடல் மட்டும் கருகியிருந்தால், பிளக்குக்குள் ஒயரைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கும். தட்டின் விளிம்பிலிருந்து சுவரில் மேல்நோக்கிக் கரி ஏறியிருந்தால், பெட்டிக்குள் ஒயரே எரிந்திருக்கலாம். அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

நம் உதாரணக் கடைக்காரர் இப்படி அனுப்பலாம்: "16 ஆம்பியர் பாயிண்ட். கீழே வலது துளையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவு பழுப்பு, ஓரம் உருகி எழும்பியிருக்கிறது. அந்தப் பின் கறுப்பு, மற்ற இரண்டும் பளிச். சுவரில் கரி இல்லை. இரண்டு நாளாக மீன் கவிச்சை வாடை. பெட்டி போட்டு மூன்று சாமான் ஓடியது. எம்.சி.பி. விழவில்லை. மெயினும் இன்வெர்ட்டரும் நிறுத்தியாயிற்று." இதைப் படித்த எலெக்ட்ரீஷியன் சாக்கெட், பிளக் இரண்டையும் கையோடு வாங்கி வருவார்.

இரண்டையும் மாற்றுவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பிளக்கை மட்டும் மாற்றினால், சூட்டில் பிடிப்பிழந்த பழைய தகடு புதுப் பின்னையும் கருக்கிவிடும். கருகிய ஒயர் முனையையும் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டச் சொல்லுங்கள். சரக்கைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் நிறைந்த ஃபிரீசர், மூடியைத் திறக்காதவரை பல மணி நேரம் குளிர் தாங்கும். கருகிய பாயிண்ட் அத்தனை நேரம் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.