'உங்கள் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா' என்று சொல்ல நமக்கு யார் உரிமை தந்தது?



இப்பதிவு சிலருக்குக் கசக்கும். எனக்கும் கசக்கிறது, ஏனெனில் இதில் முதல் குற்றவாளி நானே.

சில ஆண்டுகளுக்கு முன்பு, முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் பள்ளி முடிந்து மகனை அழைத்துச் செல்ல வந்திருந்தார். வகுப்பறை வாசலில், மற்ற பெற்றோர்களும் நின்றிருக்க, நான் சொன்னேன்: "அம்மா, ஸ்கிரீனிங்ல பேரு வந்திருக்கு. டிஸ்லெக்சியாவா இருக்கலாம். பார்த்துக்குங்க." முப்பது விநாடிகூட ஆகவில்லை. கடமையை முடித்த நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

அந்தத் தாய் அன்றிரவு உறங்கவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. மறுவாரமே பையனுக்கு இரண்டு டியூஷன் வகுப்புகள். தந்தையோ ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை எழுத வைத்தார். மூன்று வாரத்தில் பையன் காலையில் வயிற்று வலி என்று பள்ளிக்கு வர மறுத்தான். நான் சொன்ன ஒரு வாக்கியம் செய்த வேலை இது.

நம் பள்ளிகளில் இரண்டு வகைப் பேச்சு உண்டு. ஒன்று, நான் பேசியது போன்ற தீர்ப்பு. மற்றொன்று, "ஒன்றும் இல்லைம்மா, போகப் போகச் சரியாகிவிடும்" என்னும் தாலாட்டு. முன்னது பெற்றோரை அச்சுறுத்துகிறது. பின்னது பிள்ளையின் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தின்றுவிடுகிறது. இரண்டுமே பொய் என்பதே என் வாதம்.

முதலில், ஸ்கிரீனிங் எனப்படும் முன்னறி சோதனை எதைச் சொல்கிறது? 2020-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே வெப்பமானியைக் காட்டினார்கள். 37.5 பாகையைத் தாண்டினால் உள்ளே விடவில்லை. ஆனால் அவ்வாறு நிறுத்தப்பட்ட எவரையும் வாயிற்காவலர் 'கோவிட் நோயாளி' என்று அறிவிக்கவில்லை. வெயிலில் நடந்து வந்தவரும் அதில் சிக்கினார். தொற்று இருந்தும் காய்ச்சல் இல்லாதவர் தப்பினார். அது செய்தது ஒன்றுதான்: யாரை மேலும் பார்க்க வேண்டும் என்று காட்டியது.

நாம் நிரப்பும் டிஸ்லெக்சியா சரிபார்ப்புப் பட்டியலும் அத்தகையதே. வாசிப்பிலும் எழுத்திலும் பிள்ளை எங்கே தடுமாறுகிறான், அவனுடைய பிற திறன்கள் எப்படி, டிஸ்லெக்சியாவின் முன்குறிகள் உண்டா என்று ஆசிரியர் தாம் கண்டதை வைத்துக் குறிக்கிறார். இத்தகைய சோதனைகள் எவரையும் தவறவிடக் கூடாது என்பதற்காகச் சற்று அகலமாகவே வலை வீசுகின்றன. ஆகவே, வலையில் சிக்கியவர் எல்லாரும் தேடிய மீன் அல்லர்.

அந்த ஆண்டு என் வகுப்பில் சிக்கியவர் மூவர். ஒரு சிறுமிக்குக் காதில் குறை. நடுக்காதில் நீர் கோத்து, 'ப'வும் 'ம'வும் அவளுக்கு ஒன்றாகவே கேட்டிருக்கின்றன. இரண்டாமவன் வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுபவன். பாலர் பள்ளியில் தமிழே பார்த்திராதவன். அவனுக்குத் தேவைப்பட்டது மருத்துவரல்லர், தமிழோடு பழக்கம். மூன்றாமவனே நான் சொன்ன பையன். ஒரே பட்டியல், ஒரே விதமான குறிகள், மூன்று வெவ்வேறு காரணங்கள்! மூவரின் பெற்றோரிடமும் நான் 'டிஸ்லெக்சியா' என்று சொல்லியிருந்தால்?

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே வகுப்பில் ஒரு மாணவி எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை. பாடநூலை மனனம் செய்து சரளமாக 'வாசித்தாள்'. மூன்றாம் ஆண்டில் பாடங்கள் நீண்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. "டபுமி", "கேசுனா" என்று பொருளற்ற சொற்களைக் கொடுத்துப் பார்த்திருந்தால் முதலாம் ஆண்டிலேயே தெரிந்திருக்கும். மனனம் அங்கே உதவாது. சோதனையில் தேறியதும் ஒரு தீர்ப்பன்று.

இனி அந்தப் பையனிடம் வருவோம். என் தவற்றை உணர்ந்து அவனுடைய பெற்றோர் இருவரையும் முறைப்படி அழைத்தேன். கதவை மூடி, நாற்காலி போட்டு, நாற்பது நிமிடம் ஒதுக்கினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவனால் என்ன முடியும் என்பதைச் சொன்னேன்: கேட்ட கதையை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வான், வகுப்பில் அவனைப்போல் கேள்வி கேட்பவர் இல்லை. அதன் பின்னரே அவனுடைய பயிற்சி நூலைத் திறந்து, கண்டதைக் காட்டினேன்.

எளிய சொற்பட்டியலை ஒரு நிமிடம் வாசிக்கச் சொன்னபோது பதினொரு சொல் வாசித்தான், நான்கு தவறு. 'பல்'லைப் 'பால்' என்றான். 'கெ', 'கே', 'கொ' மூன்றும் அவனுக்குக் குழப்பம். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்கிறது. எல்லாப் பிள்ளைகளும் இங்கே சிறிது தடுமாறுவர். ஆனால் இவன், வாய்மொழியாகவே 'படகு' என்பதில் முதல் ஓசையை நீக்கிச் சொல்லச் சொன்னாலும் திகைத்தான். எழுத்தே இல்லாத இடத்திலும் தடுமாற்றம் இருந்தது என்பதே என் கவனத்தை ஈர்த்தது.

ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். ல-ள-ழ, ந-ன-ண, ர-ற மயக்கத்தை வைத்து எவரையும் ஐயுறாதீர்கள்; அம்மயக்கம் பெரியவர்களுக்கும் உண்டு. எழுத்தைத் திருப்பி எழுதுவதும் ஏழு வயதில் வியப்பன்று. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு பெரும்பாலும் ஒழுங்கானது. அதனால் பயின்ற பின்னும் குறைபாடு பிழையாகத் தெரிவதைவிட, எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படிக்கும் மெதுவாகவே தெரியும். மலாய் மொழியில் மட்டும் தடுமாறினால், பழக்கமின்மை காரணமாகலாம். வீட்டில் பேசும் தமிழிலும் அதே தடுமாற்றம் என்றால் மேலும் ஆராய வேண்டும்.

அப்போது தந்தை மெல்லச் சொன்னார்: "நானும் சின்ன வயசுல இப்படித்தான் டீச்சர். ஆறாம் ஆண்டு வரைக்கும் பேப்பர் படிக்க வராது. அடிதான் வாங்கினேன்." வாசிப்புக் குறைபாடு குடும்பவழி வருவதுண்டு, பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல். எந்தப் பட்டியலும் தராத தகவல் அது. வாசலில் நின்று பேசியிருந்தால் அவர் அதைச் சொல்லியிருப்பாரா?

"அப்போ இவனுக்கு இருக்கா, இல்லையா?" என்று தாயார் கேட்டார். நான் சொன்னது இதுதான்: "எனக்குத் தெரியாதும்மா. அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வாசிப்பில் சிக்கல் இருக்கிறது என்பது உறுதி, காரணம் உறுதியில்லை. ஆனால் காரணம் தெரியும்வரை காத்திருக்கப் போவதில்லை. இது அறிவுக் குறைவும் அன்று. உங்கள் வளர்ப்பின் குறையும் அன்று."

பின்னர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். முதல் இரண்டு வாரத்திற்குள் கண், காது இரண்டையும் அரசாங்கக் கிளினிக்கில் பரிசோதிப்பது. அதே வாரமே பள்ளியில் வாரம் நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம், மூவருக்கு மிகாத குழுவில் குறைநீக்கல் பயிற்சி. எழுத்தட்டையைத் தொடுமுன் ஓசையைப் பிரித்தலும் சேர்த்தலும், பிறகு ஒரு நேரத்தில் இரண்டே குறிகள், அக்குறிகள் வரும் சொற்கள், அவற்றைச் சொல்வதெழுதல், முந்தைய நாள் வாசித்ததை மறுபடி வாசித்தல். வீட்டில் பத்தே நிமிடம், பள்ளியில் கற்றதை மட்டும் சேர்ந்து வாசிப்பது. பத்து முறை எழுதுவது நிறுத்தம். இரவில் தந்தை கதை வாசித்துக் காட்டுவது. வாசிப்பு பின்தங்கினாலும் சொல்வளம் பின்தங்கக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நிமிட வாசிப்பை நான் குறித்து வைப்பேன். பத்து வாரம் கழித்து மீண்டும் சந்திக்கும் நாளையும் அத்தாளிலேயே எழுதினோம்.

கண்ணிலும் காதிலும் குறை இல்லை. ஆங்கிலம் பேசும் மாணவனும் அதே குழுவில் பயின்றான்; பத்து வாரத்தில் ஒன்பது சொல்லிலிருந்து முப்பத்து நான்குக்குத் தாவினான். இவனோ பதினொன்றிலிருந்து பதினெட்டு. வளர்ச்சி உண்டு, ஆனால் அதே பயிற்சிக்கு இத்தனை மெதுவான பலன் என்பதே முன்னறி சோதனையைவிட வலுவான சான்று. அந்தக் குறிப்பேட்டோடுதான் மருத்துவரிடமும், அவர் வழியாக முழு மதிப்பீட்டிற்கும் அனுப்பினோம். மதிப்பீட்டில் டிஸ்லெக்சியா என்றே உறுதியானது. அப்போது பெற்றோர் அழவில்லை. அவர்களுக்கு அது இடியாக விழவில்லை. பத்து வாரமாகத் தாங்களே பங்கெடுத்த ஒரு தேடலின் விடையாக வந்தது. பயிற்சியோ ஒரு நாளும் நிற்கவில்லை.

இங்கே ஒரு சாராரின் அவசரத்தையும் கண்டிக்க வேண்டும். பட்டியல் வந்தவுடனேயே "மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துவிடுங்கள், சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றிவிடலாம்" என்கிறார்கள். அட்டைக்கு மருத்துவரின் உறுதிப்பாடு வேண்டும். சமூக நல இலாகாவில் பதிவது பெற்றோரின் விருப்பம். உதவிகளைப் பெற அது பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் அது முதற்படி அன்று. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை வழக்கமான வகுப்பிலேயே தக்க துணையோடு பயில இயலும். வகுப்பை மாற்றுவது நமக்கு எளிது என்பதற்காக அதைப் பிள்ளைக்கு நல்லது என்று சொல்லாதீர்கள்.

"முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் முதலாம் ஆண்டில் வாரம் எண்பது நிமிடத்தை மிச்சப்படுத்தி, ஆறாம் ஆண்டில் வினாத்தாளையே வாசிக்க இயலாத மாணவனை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்புகிறோமே, அந்தக் கணக்கை யார் பார்ப்பது?

பெற்றோர்களே, உங்களிடம் எவரேனும் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொன்னால் அஞ்சாதீர்கள். கோபித்துக்கொண்டு போய்விடவும் வேண்டாம். அமர்ந்து பேச நேரம் கேளுங்கள். மூன்றே கேள்விகள்: என்ன கண்டீர்கள்? நாளை முதல் என்ன செய்வீர்கள்? மீண்டும் எப்போது அளப்பீர்கள்? இம்மூன்றுக்கும் விடை இல்லாத ஆசிரியருக்கு அந்தப் பெயரை உச்சரிக்கும் உரிமை இல்லை. எனக்கும் அன்று இருக்கவில்லை.