உம் கொட்டினவனும் கூட்டாளிதான்

"நான் ஒண்ணுமே சொல்லலையே... சும்மா கேட்டுக்கிட்டுதானே நின்னேன்!"

ஆபீஸில் ஒருவர் பேர் கெட்டுப்போய், அது எங்கிருந்து கிளம்பியது என்று விசாரணை வரும்போது, பேன்ட்ரியில் டீ கிளாஸோடு நின்றிருந்த அத்தனை பேரும் ஒப்பிக்கிற வசனம் இது. மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அது பொய்தான். பாட்டி கதை சொல்லும்போது "உம்" கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். புறணிக்கும் அதே விதிதான் மக்களே. உம் கொட்ட ஆள் இல்லாத இடத்தில் புறணி வளராது.

இதில் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ன நஷ்டம்? நாசரேத்தில் டிகிரி முடித்தவர்கள் முன்பெல்லாம் வேலைக்கென்று சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறினார்கள். அங்கே ஆபீஸில் பேசினது ஆபீஸோடு கிடந்தது. இப்போது பக்கத்திலேயே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். துறைமுகத்தை நம்பியிருக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்கள், ஆடிட்டர் ஆபீஸ்கள் என்று தூத்துக்குடியில் எப்போதும் உண்டு. 2024 டிசம்பரில் நியோ டைடல் பார்க்கும் திறந்தாயிற்று. சின்ன ஆபீஸ்களில் பேன்ட்ரி என்பது ஒரு பிளாஸ்க்கும் வாஷ்பேசினும் இருக்கிற மூலைதான். ஆனால் அந்த மூலையில் காலை பதினொரு மணிக்குச் சொன்னது சாயங்கால பஸ்ஸில் ஊருக்கு வந்துவிடும். பக்கத்து சீட்டு அக்காவின் மதினி உங்கள் அம்மாவோடு படித்தவராக இருப்பார். ராத்திரி சாப்பாட்டில், "நாளையிலயிருந்து நீ வேலைக்குப் போக வேண்டாம்" என்று ஒரு வீட்டில் முடிவாகிவிடும். போவது பெரும்பாலும் பெண்பிள்ளையின் வேலைதான். அந்தப் பையனின் வேலைக்கு ஒன்றும் ஆகாது.

இதற்கு இரண்டு விதமான உபதேசம் கிடைக்கிறது. இரண்டுமே தப்பு.

முதலாவது, சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பு உபதேசம். "ஆபீஸில் வம்பு பேசாதே, சிரித்துவிட்டு ஒதுங்கிவிடு, உன் ஆணியை மட்டும் பிடுங்கு." இதைக் கேட்டு நடக்கிறவருக்கு ஆறு மாதத்தில் ஆபீஸில் ஒரு ஆள் கூடத் தெரியாது. லீவு வேண்டுமென்றால் வேலையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒரு சந்தேகம் கேட்க ஆளில்லை. அதைவிட மோசம், எப்போதும் ஒதுங்குகிற ஆளைப் பற்றித்தான் அடுத்த புறணி பிறக்கும்.

இரண்டாவது, அனுபவசாலிகளின் உபதேசம். "நாலு பேரைப் பத்தி நாலு வார்த்தை பேசினாத்தான் தம்பி ஒட்டுவாங்க." இதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஜெனிஃபர் பாஸன் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரோடு சேரப்போகும்போது, மூன்றாம் ஆள் ஒருவரை இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் உண்டாகிற நெருக்கம், இரண்டு பேருக்கும் பிடிக்கும் என்று தெரிந்தால் உண்டாவதைவிடக் கூடுதலாக இருந்ததாம். ஆக, புறணி ஒட்டவைக்கிற பசைதான். ஆனால் பி.காம். படிக்கிறவர்கள் பற்றுப் பக்கத்தையும் பார்க்க வேண்டாமா? 1998-ல் ஸ்கவ்ரான்ஸ்கியும் கூட்டாளிகளும் காட்டியது இது: ஒருவர் இன்னொருவரிடம் இருப்பதாகச் சொல்கிற குணத்தை, கேட்கிறவர்கள் தங்களை அறியாமலே சொன்னவர் மேலும் ஏற்றிவிடுகிறார்கள். "அவன் ஏமாத்துக்காரன்" என்று பேன்ட்ரியில் சொன்னவரைப் பார்க்கும்போது, கேட்டவர் மனதில் ஏமாத்து என்ற வார்த்தையும் கூடவே வரும். பசை ஒட்டுகிறது, சொன்னவர் சட்டையிலும் சேர்த்தே ஒட்டுகிறது :-)

அப்படியானால் என்னதான் செய்வது? புறணி எந்த இடத்தில் புறணியாக மாறுகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். டோனா ஈடர், ஜேனட் என்கி என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்து, வரி வரியாகப் பிரித்து, 1991-ல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது எளிமையானது. முதலில் ஒருவர் அங்கே இல்லாத ஆளைப் பற்றி ஒரு குறை சொல்கிறார். அடுத்து வாய் திறக்கிறவர் அதை மறுத்தால் பேச்சு திரும்பிவிடுகிறது. அந்த இரண்டாவது ஆள் ஒத்து ஊதிவிட்டாலோ, அதற்குப் பிறகு யாரும் மறுப்பதில்லை. மனதுக்குள் ஒப்பாதவர்கள்கூடச் சேர்ந்து பாடுகிறார்கள். அது பள்ளிப்பிள்ளைகளின் பேச்சுதான், ஆபீஸ் இல்லை. ஆனால் பேன்ட்ரியில் ஒரு வாரம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு நின்று பாருங்கள், அதே கணக்குதான் ஓடும்.

உதாரணத்துக்கு ஒரு காட்சி. மார்ச் மாதக் கடைசி, கணக்கு முடிக்கிற நேரம். பிளாஸ்க் பக்கத்தில் மூன்று பேர். சீனியர் அக்கா ஆரம்பிக்கிறார்.

"மூணு நாளா அந்தப் பிள்ளை அந்தப் பையன் வண்டியிலதான் போகுது, பாத்தியளா?"

இதுவரை இது வெறும் தகவல். இப்போது இரண்டாவது ஆள் முறை. அவர், "அப்படியாக்கா?" என்கிறார். ஒரே வார்த்தைதான்! ஆனால் அக்காவுக்கு அது அனுமதிச் சீட்டு. "ஆமா, நேத்து எட்டரை மணிக்குப் பாத்தேன்" என்று தொடர்கிறார். மூன்றாமவர், "வீட்ல தெரியுமோ என்னமோ" என்கிறார். நாலாவது வரியில் ஒரு பைக் சவாரி காதலாகிவிட்டது. யாரும் "காதல்" என்று சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு செங்கல்தான் வைத்தார்கள்.

இனி அதே இரண்டாவது ஆள் வேறு மாதிரிப் பேசட்டும். "கணக்கு முடிக்கிற நேரம்லாக்கா, பஸ்ஸை விட்டிருக்கும். போன வாரம் நானும் அப்படித்தான் ஒருத்தர் வண்டியில தொத்திக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் போனேன்." பிறகு மூச்சு விடாமல், "அக்கா, உங்க பர்ச்சேஸ் ரிஜிஸ்டர் ஜிஎஸ்டி போர்ட்டலோட டாலி ஆயிட்டா? எனக்கு ரெண்டு பில்லு இடிக்குது, என்ன செய்யன்னு தெரியல."

இதில் மூன்று காரியம் நடந்திருக்கிறது. பார்த்த விஷயத்துக்குச் சாதாரணமான ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதைச் சொன்னவர் தன் கதையையே வைத்துச் சொன்னதால் அக்காவுக்கு உபதேசம் கேட்ட மாதிரி இல்லை. கடைசியாக, அக்காவுக்கு இன்னொரு வேலை கிடைத்தது, அதுவும் அவர் கெட்டிக்காரியாக நிற்கிற வேலை. அக்காவுக்குத் தேவைப்பட்டது டீ குடிக்கிற ஐந்து நிமிஷம் பேச ஒரு துணைதான். துணை கிடைத்தபின் அந்தப் பிள்ளையின் கதை அவருக்கு எதற்கு?

இங்கே தவறுகிற இடங்களும் உண்டு. பேசாமல் நின்றால் போதும் என்று நினைப்பது முதல் தவறு. சிரிப்பும் தலையாட்டலும் உம்தான். "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனா..." என்பது அதைவிட மோசம், அந்த "ஆனா"வுக்குப் பின்னால் ஊரே புகுந்துவிடும். தாமதம் இன்னொன்று. மூன்று பேர் பேசி முடித்தபின் நாலாவதாக மறுத்தால் அந்தக் கூட்டத்தையே எதிர்த்த கணக்காகிவிடும். பேசுகிறவர் மேனேஜராக இருந்தால் புதுசாகச் சேர்ந்தவருக்கு மறுக்கத் தைரியம் வராது, வரவும் வேண்டாம். அப்போது கிளாஸை எடுத்துக்கொண்டு, "போன் வருது சார்" என்று நகர்ந்தால் போதும். குறைந்தபட்சம் ஒரு உம் குறைந்தது.

லிப்டில் கணக்கு இன்னும் கடுமை. நாலு மாடி ஏற ஒரு நிமிஷம்கூட ஆகாது, மறுக்க நேரமே கிடையாது. கூட நிற்பவர் யாரென்றும் தெரியாது, அது கிளையன்ட்டின் தம்பியாகவும் இருக்கலாம். ஆடிட்டர் ஆபீஸ் கனவில் இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்: கிளையன்ட்டின் விஷயத்தை அவர் சம்மதமில்லாமல் ஒரு ஆடிட்டர் வெளியில் சொல்வது 1949-ஆம் ஆண்டு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டப்படி தொழில்முறைக் குற்றம். ஆகவே லிப்டில் மூன்றாம் மனிதர் பெயரே வேண்டாம். எதிரில் நிற்பவரைப் பற்றியே ஒரு கேள்வி போதும்.

எந்தக் கேள்வி என்பதில்தான் நம் ஊர் பெரிதாகச் சறுக்குகிறது. "எந்த ஊரு? எந்தத் தெரு? எந்தக் கோவில்? யாரு மகன்?" என்று அன்பாகத்தான் கேட்கிறார்கள். மூன்றாவது கேள்வியில் ஜாதி கண்டுபிடித்தாயிற்று. "கல்யாணம் ஆயிட்டா? விசேஷம் உண்டா?" என்பதும் அன்புதான். இப்படிச் சேர்த்த தகவல்கள்தான் நாளைய புறணிக்குச் சரக்கு. புதுசாகச் சேர்ந்தவரிடம் கேட்க வேறு ஆயிரம் இருக்கிறது. "நேத்து அந்த ஷிப்பிங் பில் போயிட்டா?" என்று கேட்கலாம். அவர் "இன்னும் போகலை" என்றால், மறுநாள் லிப்டில் "போயிட்டா?" என்று மறக்காமல் கேட்க வேண்டும். நெருக்கம் உண்டாகிற இடம் அந்த இரண்டாவது நாள் கேள்விதான். நீ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறேன் என்பதைவிட மரியாதை வேறென்ன? ஒரு நாள் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி பேன்ட்ரியில் வைத்தாலும் தப்பில்லை. வாயில் மக்ரூன் கரையும்வரை புறணி வராது :-)

"அப்போ இல்லாதவங்களைப் பத்திப் பேசவே கூடாதா?" என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் பேசலாம். ஒருவருக்கு அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவர் வேலையைப் பிரித்துக்கொள்வோம் என்பது புறணி இல்லை. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று வேலை பார்ப்பவர்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்வதும் புறணி இல்லை, அதைப் புறணி என்று சொல்வதில் லாபம் முதலாளிக்குத்தான். இன்ன ஆள் தனியாக இருக்கும்போது தொல்லை தருகிறான் என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணை எச்சரிப்பது நிச்சயமாகப் புறணி இல்லை. ஆனால் அது பேன்ட்ரியோடு நிற்கவும் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும், அதில் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். புகார் கொடுத்தவர் யார், என்ன சொன்னார் என்பதை வெளியில் விடக்கூடாது என்றும் அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. புகார் போன மறுநாள் லிப்டில் "யாரு கொடுத்தாவளாம்?" என்று கேட்கிற ஆள் அந்தப் பாதுகாப்பைத்தான் உடைக்கப் பார்க்கிறார்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். பேசிக்கொண்டிருக்கும்போது அந்த ஆளே கதவைத் திறந்து உள்ளே வந்தால் பேச்சு தொடருமா, நிற்குமா? அப்பாவின் உடம்பைப் பற்றிய பேச்சு தொடரும், அவரே சேர்ந்துகொள்வார். பைக் பேச்சு சட்டென்று நின்று, எல்லாரும் கிளாஸைக் கழுவப் போவார்கள். அந்தத் தொல்லைக்காரன் வந்தாலும் பேச்சு நிற்கும்தான், ஆனால் அங்கே நிறுத்துவது பயம். மற்ற இடங்களில் நிறுத்துவது வெட்கம்.

அந்த வெட்கம் உம் கொட்டுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டால் ஒரு பிள்ளையின் வேலை தப்பும்.