டார்ச் யார் கையில்?

இருட்டில் நால்வர் பாலம் கடக்க வேண்டும். டார்ச் ஒன்றுதான், ஒரு நேரத்தில் இருவரே போகலாம். அவர்களுக்கு ஆகும் நேரம் 1, 2, 5, 10 நிமிடங்கள். சேர்ந்து போனால் மெதுவானவரின் நேரமே கணக்கு.

வேகமானவரே ஒவ்வொருவராகக் கொண்டுபோய் விட்டுத் திரும்பட்டும் என்றுதான் முதலில் தோன்றும். 2+1+5+1+10 = 19 நிமிடம். இதில் ஐந்தும் பத்தும் தனித்தனியாக ஏறிவிடுகின்றன.

அந்த இருவரும் சேர்ந்தே போனால் ஐந்து, பத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் டார்ச்சைத் திருப்பிக் கொண்டுவர அக்கரையில் ஒரு வேகக்காரர் காத்திருக்க வேண்டுமே! அதனால் முதலில் ஒன்றும் இரண்டும் போக, ஒன்று திரும்புகிறார். ஐந்தும் பத்தும் போனதும் இரண்டு திரும்புகிறார். கடைசியில் ஒன்றும் இரண்டும். 2+1+10+2+2 = 17!

இரண்டாமவருக்கு 4 நிமிடம் ஆனால்? முதல் வழிக்கு 21, இந்த வழிக்கு 23. இதில் அவர் மூன்று முறை நடக்கிறாரே!