இருபது லட்சத்தில் ஒரு படுகுழி

சிறு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய சர்க்கார் மார்தட்டிக்கொள்கிறது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் புரோட்டாக் கடை வைத்திருப்பவரின் கணக்கைப் பார்த்தால் இதன் லட்சணம் விளங்கும்.

தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்கும் கடை, வருஷத்தில் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு செய்ய வேண்டும். சாப்பாட்டுக் கடையோ சட்டப்படி ‘சேவை’. அதற்கு வரம்பு 20 லட்சம்தான். இது லாபமல்ல, தோழர்களே! மைதா, எண்ணெய், விறகு, கூலி எல்லாம் அடங்கிய மொத்த விற்பனை. நாளொன்றுக்கு ரூ.5,480 விற்றாலே வருஷத்தில் 20 லட்சம் வந்துவிடும்.

நூறு ரூபாய் விற்றால் பத்து ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சம் விற்றவருக்கு மிச்சம் 2 லட்சம், வரி இல்லை. வரம்பைத் தாண்டிப் பதிவு செய்தால், அன்றிலிருந்து வரி. அடுத்த வருஷமோ முதல் ரூபாயிலிருந்தே வரி! காம்பொசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் மொத்த விற்பனையில் 5 சதவீதம் கட்ட வேண்டும். அதைச் சாப்பிட வந்தவரிடம் தனியாக வசூலிக்கவும் கூடாது. 20 லட்சத்துப் பத்தாயிரம் விற்றால் வரி ரூ.1,00,500. மிச்சத்தில் பாதி பறிபோயிற்று! பழைய 2 லட்சத்தைக் கையில் பார்க்க அவர் 40 லட்சத்துக்கு விற்றாக வேண்டும். இரண்டு மடங்கு உழைப்பு, அதே வருமானம்!

சாதாரணப் பதிவில் வரியைப் பில்லில் சேர்க்கலாம். ஆனால் வரம்புக்குள் நிற்கும் பக்கத்துக் கடையில் வரியில்லாத புரோட்டா கிடைக்கும்போது இங்கே யார் வருவார்?

ஆகவே கடைக்காரர் என்ன செய்கிறார்? சாரல் சீசனிலும், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் நாளிலும் விற்ற கணக்கைக் கூட்டிப் பார்க்கிறார். 19 லட்சத்தை நெருங்கினால் மார்ச் முடியும்வரை கடையைச் சுருக்குகிறார். அடுப்படியில் நிற்பவரும் மேஜை துடைப்பவரும் கூலியின்றி ஊர் திரும்புகிறார்கள். வரம்பு கடைக்காரருக்கு, பட்டினி தொழிலாளிக்கு!

தாண்டியது தெரியாமல் இருந்தாலும் தப்ப முடியாது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்குப் பழைய வருஷங்களுக்கான நோட்டீஸ் பறந்தது. பல கடைகளில் ‘ரொக்கம் மட்டும்’ என்று பலகை தொங்கியது.

இந்தக் குழியை மூட வழி தெரியாதா சர்க்காருக்கு? தெரியும்! 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வருமானம்வரை வருமான வரி இல்லை. 12 லட்சத்துப் பத்தாயிரம் பெறுகிறவருக்குக் கணக்குப்படி வரி ரூ.61,500. ஆனால் வரம்பைத் தாண்டியது பத்தாயிரம்தான் என்பதால், செஸ் நீங்கலாக அந்தப் பத்தாயிரத்துக்கு மேல் வாங்குவதில்லை. 12 லட்சம் சம்பாதிப்பவருக்குத் தடுப்புச் சுவர். 2 லட்சம் சம்பாதிப்பவருக்குப் படுகுழி! இது என்ன நியாயம்?

வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும் வரி போடு! சாப்பாட்டுக் கடைக்கும் வரம்பை 40 லட்சமாக்கு! ஜி.எஸ்.டி. கவுன்சிலில் தமிழ்நாடு அரசு இதை வற்புறுத்த வேண்டும்.