கூட வேலை பார்த்தவரே மேற்பார்வைக்கு வரும்போது

கடையைப் பார்த்துக்கொள்ள வெளியாளைத் தேடுவதைவிட, நம்மிடம் நெடுநாள் வேலை பார்த்தவரைப் பொறுப்பில் வைப்பதே நல்லது என்பது நம் கருத்து. சரக்கும் தெரியும், வாடிக்கையாளரையும் தெரியும். அப்படி இருந்தும் பலர் ஆறு மாதத்தில் "எனக்குப் பழைய வேலையே போதும், அண்ணாச்சி" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் அவர்கள் அல்ல; வைத்தவர் வைத்த விதம்தான்.

ஐந்து பேர் வேலை பார்க்கும் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். எட்டு வருடம் பொட்டலம் கட்டியவரிடம் முதலாளி சாவியைக் கொடுக்கிறார், சம்பளத்தையும் கூட்டுகிறார். மற்ற நால்வருக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. நேற்றுவரை 'மாப்ளே' என்று தோளில் கை போட்டவர்கள், இன்று அவர் வேலை சொன்னால் சிரிக்கத்தானே செய்வார்கள்? எல்லோரையும் நிற்க வைத்து, இன்ன வேலைக்கு இனி இவரைக் கேட்க வேண்டும் என்று முதலாளியே சொல்லியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. யார் தாமதமாக வருவார், யார் முந்திரியை வாயில் போடுவார் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். இவருடைய சங்கதியும் அவர்களுக்குத் தெரியும். கண்டித்தால், "நீ செய்யாததா?" என்று கேட்பார்கள். கண்டிக்காவிட்டால் முதலாளி கேட்பார். ஆகவே, பொறுப்பேற்கும் தேதிக்கு முன் நடந்ததை நானும் கேட்க மாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் முதலாளி தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அன்றிரவே ஐவரையும் வைத்துக்கொண்டு, பிரித்த மூட்டைகளை எடை போட்டு, எண்ணெய் டின்களை எண்ணி, இருப்பை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். மறுநாள் முதல் வரும் குறைவுக்கே அவர் பதில் சொல்ல வேண்டும். அவர்களுக்குள் கைமாற்று இருந்தால் அதையும் தீர்த்துவிடச் சொல்லுங்கள். கடன்பட்டவரை அதட்ட முடியாது.

அடுத்த சோதனை லீவில் வரும். வாரம் ஒரு முழுநாள் விடுமுறை என்பது 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் தருவது. அதில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் யாருக்கு எந்த நாள் என்ற பட்டியலை அவரே போடட்டும். நாளை லோடு வருகிறது என்று அவர் மறுத்த கூடுதல் லீவை, ஒருவர் நேரே கல்லாவுக்கு வந்து கேட்க, முதலாளியும் "சரி, போய்ட்டு வா" என்றால் அத்தோடு அவர் சொல் செல்லாது. "அவரிடம் கேட்டாயா?" என்பதே போதுமான பதில். அவர் முடிவு தவறாகவே இருந்தாலும், கடை அடைத்த பிறகு தனியே சொல்லலாம்.

முன்பணமும் ஆளை நிறுத்துவதும் மட்டும் முதலாளி கையிலேயே இருக்கட்டும். பழைய நண்பனிடம் பணத்துக்கு 'இல்லை' என்று சொல்லும் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

பதவி கிடைக்காத மூத்தவர் ஒருவர் கடையில் இருப்பார். மற்றவர்களுக்குச் சொல்லும் முன் அவரைத் தனியே அழைத்து, ஏன் அவரை வைக்கவில்லை என்பதை முதலாளி தம் வாயாலேயே சொல்லிவிடுவது நல்லது.